மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிற பேச்சிலர்களுக்கும் மாதச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை பீளமேடு, ஹோப் காலேஜ், சிங்காநல்லூர் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து மதியமும் இரவும் சாப்பாடு போகிறது. ஞாயிறு அடுப்பு கிடையாது. புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பதும், பழையவர்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் திரும்பக் கேட்பதும் கீழே இருக்கின்றன. நிறுத்திவைக்கும் விதியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். குழப்பம் வருவது அங்கேதான்.

மாசச் சாப்பாடுன்னா எத்தனை நாளுங்க? 30 நாளா, 26 நாளா?

நாள் கணக்கே இல்லை, சாப்பாட்டுக் கணக்குதான். ஒரு கட்டு என்றால் 26 சாப்பாடு. மதியக் கட்டு 2,080 ரூபாய், அதாவது ஒரு சாப்பாடு 80. இரவுக் கட்டு 1,560 ரூபாய், ஒரு சாப்பாடு 60. இரண்டும் வாங்கினாலும் கணக்கு தனித்தனியாகவே ஓடும். மதியத்தை நிறுத்திவிட்டு இரவு மட்டும் சாப்பிட்டால் இரவுக் கணக்கில்தான் குறையும்.

முதல் சாப்பாடு வந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் 26-ஐயும் முடிக்க வேண்டும். இடையில் நான்கைந்து நாள் ஊருக்குப் போய் வந்தாலும் இது தாராளமாகப் போதும். நீண்ட விடுமுறைக்கு வேறு ஏற்பாடு உண்டு, கீழே சொல்லியிருக்கிறேன்.

வார மெனு எப்ப வருங்க? போட்டதுக்கு அப்புறம் மாத்துவீங்களா?

சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வரும். திங்கள் முதல் சனி வரை, மதியம் இரவு இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிவு. ஞாயிறு இரவு 8 மணி வரை அதைப் பார்த்து, பிடிக்காத நாளை நிறுத்திக்கொள்ளலாம். "கத்தரிக்காய் சாப்பிட மாட்டேன், புதன் மதியம் வேண்டாம்" என்று சொன்னால் போதும், வேறு காரணம் கேட்க மாட்டேன்.

குழம்பும் சாத வகையும் மாறாது. பொரியல் மட்டும் மாறலாம். காய் சிங்காநல்லூர் உழவர் சந்தையில் விடிகாலையில் வாங்குகிறேன். பட்டியலில் பீன்ஸ் என்று போட்டிருந்தாலும், அன்றைக்கு வந்த பீன்ஸ் முற்றி நாராக இருந்தால் வாங்க மாட்டேன். பக்கத்தில் இருக்கும் இளம் அவரையோ முட்டைக்கோஸோதான் வாங்குவேன். அப்படி மாறினால் காலை 7 மணிக்குள் குழுவில் ஒரு வரி வந்துவிடும்.

ஒரு வாரம் ஏறக்குறைய இப்படி இருக்கும். திங்கள் மதியம் முருங்கைக்காய் சாம்பார், பீட்ரூட் பொரியல், ரசம், மோர். இரவு கோதுமை தோசையும் காரச் சட்னியும். செவ்வாய் அரிசிம்பருப்பு சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், தயிர். இரவு இட்லி சாம்பார். புதன் கொள்ளு நாள். கொள்ளை வேகவைத்து, வடித்த தண்ணியில் ரசம் வைத்துவிட்டுப் பருப்பைச் சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாயோடு கடைந்து சோற்றுக்குக் கொடுப்பேன்; கூடக் கத்தரிக்காய் பொரியல், இரவு சப்பாத்தி குருமா. வியாழன் வத்தக்குழம்பும் பாசிப்பருப்புக் கூட்டும், இரவு ராகி தோசை. வெள்ளி பச்சைப்பயிறு கடைந்தது, கீரை, ரசம், இரவு சந்தகை. சனி தக்காளி சாதம், தயிர் சாதம். இரவு ரவா கிச்சடி.

அரிசிம்பருப்பு சாதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஆறினால் இறுகும். கேரியரைத் திறந்ததும் கெட்டியாக இருந்தால் இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கிளறுங்கள், பதம் திரும்பிவிடும். நெய் தனியாக வருகிறது, சாப்பிடும்போது ஊற்றிக்கொள்ளுங்கள்.

நாளைக்குச் சாப்பாடு வேண்டாம்னா எத்தனை மணிக்குள்ள சொல்லணும்?

மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நாள் இரவு 8 மணி. இரவுச் சாப்பாட்டுக்கு அன்றைக்குக் காலை 11 மணி. திங்கள் மதியத்துக்கு ஞாயிறு இரவு 8 மணி.

குழுவில் போடாதீர்கள், என் எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் மெனுவைப் பற்றிய பேச்சுக்கு நடுவில் அது மேலே போய்விடும். செய்தி இப்படி இருந்தால் போதும்:

```
நிறுத்தம்
பெயர், அறை
14 மதியம் முதல்
19 மதியம் திரும்ப வேண்டும்
```

திரும்பும் தேதி தெரியாவிட்டால் "சொல்கிறேன்" என்று போடுங்கள். நீங்கள் சொல்லும்வரை சாப்பாடு வராது, கணக்கும் ஓடாது. திரும்ப ஆரம்பிக்கவும் அதே 8 மணி, 11 மணிதான்.

பார்த்ததும் "சரி, மீதி 18" என்று பதில் போடுவேன். அந்தப் பதில் வந்தால்தான் நிறுத்தம் எழுதப்பட்டது என்று அர்த்தம். அரை மணி நேரத்தில் பதில் வரவில்லையா, கூப்பிடுங்கள். நெட் இல்லாமல் உங்கள் செய்தி வந்து சேராமலே இருந்திருக்கலாம்.

ஏங்க்கா ராத்திரி எட்டு மணி? சமைக்கிறது காலைலதானே, ஆறு மணிக்குச் சொன்னா போதாதா?

இதைக் கேட்காதவர்களே இல்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு ஆளுக்கு 150 கிராம் அரிசி, சாம்பாருக்கு 30 கிராம் துவரம்பருப்பு, பொரியலுக்கு 100 கிராம் காய் என்பது என் அளவு. 40 பேர் என்றால் 6 கிலோ அரிசி, 1,200 கிராம் பருப்பு, 4 கிலோ காய். இரவு 8 மணிக்குக் கணக்கை முடித்து, 8.30-க்குள் காய்ச் சீட்டு எழுதிவிடுவேன். கொள்ளு, பச்சைப்பயிறு, கொண்டைக்கடலை எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில்தான் ஊறப்போடுகிறேன். கொண்டைக்கடலை எட்டு மணி நேரமாவது ஊறினால்தான் தோல் மெத்தென்று வேகும்.

நான்கு பேர் இரவு 7.30-க்கு நிறுத்தினால் 600 கிராம் அரிசி டப்பாவிலேயே இருக்கும், 400 கிராம் காய் சந்தையிலேயே இருக்கும். அந்த நான்கு சாப்பாட்டை முழுசாக உங்கள் கணக்கில் திரும்ப வைக்க என்னால் முடிகிறது என்றால், அது இதனால்தான். அதே நான்கு பேர் காலை 6 மணிக்குச் சொன்னால் பருப்பு வெந்து கொண்டிருக்கும், காய் நறுக்கி முடிந்திருக்கும், ஊறின கொள்ளை உலர்த்தித் திரும்ப டப்பாவில் போட முடியாது. எனக்கு மிச்சமாவது கொஞ்சம் அரிசி மட்டும்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் அன்றைய காலை வரை விட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. இட்லி மாவு முந்தின நாளே அரைத்ததுதான், ஆனால் மிஞ்சினால் ஃபிரிட்ஜில் நிற்கும், அடுத்த நாள் தோசைக்கு ஆகும். சப்பாத்தி மாவு மாலையில்தான் பிசைகிறேன். 11 மணிக்குச் சொன்னாலும் எதுவும் வீணாகாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போறேன், போயிட்டு வந்தா என் கணக்கு என்ன ஆகும்?

2026 பொங்கலையே வைத்துச் சொல்கிறேன். ஒரு மாணவர் ஜனவரி 5, திங்கட்கிழமை மதியக் கட்டு ஆரம்பிக்கிறார். அவர் எந்த நிறுத்தமும் சொல்லவில்லை என்றால் 26-ஆவது சாப்பாடு பிப்ரவரி 5, வியாழன் வரும்.

5 முதல் 10 வரை ஆறு, 12, 13 இரண்டு, மொத்தம் எட்டு சாப்பிட்டாயிற்று. 13-ஆம் தேதி இரவு 7 மணிக்கு "14 முதல் நிறுத்தம், 19 மதியம் திரும்ப வேண்டும்" என்று செய்தி. 8 மணிக்கு முன்பே வந்துவிட்டதால் 14-உம் 17-உம் அவர் கணக்கில் ஓடவில்லை. 15, 16 பொங்கலும் மாட்டுப் பொங்கலும், அடுப்பே கிடையாது. அதை யாரும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை, யார் கணக்கிலும் ஓடாது. "மீதி 18" என்று பதில் போகிறது.

18-ஆம் தேதி ஞாயிறு இரவு 9.30-க்கு "அக்கா, பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, செவ்வாய்தான் வருகிறேன்" என்று சொல்கிறார் என்று வையுங்கள். 8 மணி தாண்டிவிட்டது. திங்கள் சாப்பாடு கணக்கில் ஓடிவிடும், மீதி 17. அவர் அறையில் இன்னொருவர் இருந்தால் அந்தச் சாப்பாட்டை அவருக்குத் தரலாம். 20 செவ்வாய் முதல் திரும்பவும் ஓடி, பிப்ரவரி 7, சனிக்கிழமை 26 முடியும். அவருக்கு இழப்பு என்று பார்த்தால் அந்த ஒரு திங்கள், 80 ரூபாய்.

அதனால் டிக்கெட் கையில் இல்லாதவர்கள் திரும்பும் தேதியை உறுதியாகப் போடாமல் "சொல்கிறேன்" என்று விடுவது நல்லது. தீபாவளி, பொங்கல் முடிந்து கோவைக்குத் திரும்பும் பஸ்ஸில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

எட்டு மணி தாண்டிப் போச்சு. அந்தக் காசு போனதுதானா?

சாப்பாடு போனதாக இருக்க வேண்டியதில்லை. காலை 9 மணிக்குள் சொன்னால் வேறு ஒருவர் பெயருக்கு மாற்றி அனுப்புவேன். நாங்கள் போகிற வழியில் இருக்கும் எந்த அறையாக இருந்தாலும் சரி, அவர் நம்மிடம் சேராதவராக இருந்தாலும் சரி. சொல்லவே இல்லை, வந்தபோது ஆளும் இல்லை என்றால் மட்டும் கேரியரைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவோம். வெயிலில் வாசலில் வைத்துவிட்டு வர மாட்டோம்.

காய்ச்சல்னா முந்தின நாளே எப்படிங்க தெரியும்?

தெரியாதுதான். காலை 9 மணிக்குள் சொல்லுங்கள், சாப்பாட்டுக்குப் பதிலாக அரிசி நொய்க் கஞ்சியும், மிளகு சீரகம் தூக்கலாக ஒரு ரசமும், பருப்புத் துவையலும் வரும். கணக்கில் ஒரு சாப்பாடாகவே ஓடும். அன்று இரவுக்கும் மறுநாளுக்கும் கஞ்சியே வேண்டுமா, நிறுத்தவா என்று நானே கேட்டுக்கொள்வேன். மூன்று நாளைத் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால் கஞ்சியை நம்பி அறையிலேயே படுத்திருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். தனியாகத் தங்கியிருப்பவர்கள் வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.

செமஸ்டர் லீவு ஒன்றரை மாசம். 45 நாள் தாண்டிடுமே?

தொடர்ந்து ஏழு சாப்பாடோ அதற்கு மேலோ நிறுத்தினால், அந்த நாட்கள் 45-இல் சேராது. கட்டில் பத்து சாப்பாடு மீதி வைத்துவிட்டு ஊருக்குப் போய், ஒன்றரை மாதம் கழித்து வந்தாலும் பத்தும் அப்படியே இருக்கும். இரண்டு மாதம் வரை இப்படி வைத்திருப்பேன். அதற்கு மேல் ஆனால் சாப்பாட்டுக் கணக்கு பணக் கணக்காக மாறும்: பத்து மதியச் சாப்பாடு 800 ரூபாய் என்று எழுதிவைத்து, நீங்கள் வரும்போது அன்றைய விலையில் கழித்துக்கொள்வேன்.

ஒன்றிரண்டு நாளாக அடிக்கடி நிறுத்துகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு 45 நாளே போதும், பெரும்பாலும் ஏழெட்டு நாள் மிச்சமே இருக்கும்.

நடுவுல வேலை மாறி சென்னைக்குப் போயிட்டா மீதிப் பணம் வருமா?

வரும், ஆனால் மீதிச் சாப்பாட்டை 80-ஆல் பெருக்கி அல்ல. கட்டாக வாங்கினால் 80, தனியாக ஒரு நாள் வாங்கினால் 95. பாதியில் விடுகிறவர்களுக்குச் சாப்பிட்டதை 95-ஆகக் கணக்கிட்டு மீதியைத் தருகிறேன். பத்து சாப்பிட்டிருந்தால் 950 போக 1,130 ரூபாய், சொன்ன இரண்டு நாளில் யுபிஐ-யில் வந்துவிடும்.

இந்தக் கணக்கில் 21 சாப்பிட்டவருக்கு 85 ரூபாய்தான் திரும்பும், 22 ஆனால் ஒன்றுமே இல்லை. அந்த நிலையில் இருப்பவர்கள் பணம் கேட்பதைவிட மீதிச் சாப்பாட்டை நண்பருக்கு எழுதிக் கொடுப்பதே லாபம். ஒரு செய்தி போதும், பெயரை மாற்றிவிடுவேன்.

எனக்கு லஞ்ச் பிரேக்கே மூணு மணிக்குத்தான். அதுவரைக்கும் தாங்குமா?

10.30-க்குச் சூடாகவே கட்டுகிறோம், 11.45-இலிருந்து 12.45-க்குள் உங்கள் இடத்துக்கு வரும். 2 மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்காரர்கள் முன்கூட்டிச் சொன்னால் சூடு காக்கிற டப்பாவில் வரும்.

பயம் சோற்றிலும் தேங்காயிலும்தான். அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து கொதித்தாலும் சாகாது. சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நின்றால் முளைத்துப் பெருகி விஷம் விடும், வாந்தி வரும். அந்த விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் மதியச் சோற்றை மேசையிலேயே விட்டு இரவு மைக்ரோவேவில் வைத்துச் சாப்பிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மிஞ்சினால் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத அறை என்றால் கொட்டிவிடுங்கள். இரவு ஷிப்ட்காரர்களுக்கும் இதேதான்: 8 மணிக்கு வந்த தோசையை நடுராத்திரி சாப்பிட்டால் ஆறி இறுகி வாய்க்குப் பிடிக்காது, அவ்வளவுதான், தேங்காய்ச் சட்னி அப்படி இல்லை, கெட்டே போகும்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் மதியத்துக்குத் தேங்காய் அரைத்த குழம்பு, அவியல், தேங்காய்த் துருவல் போட்ட பொரியல் எதுவும் மெனுவில் இருக்காது. புளி சேர்ந்த குழம்பும் வதக்கலும்தான். வெயிலில் அதுதான் தாங்கும்.

சாம்பாரில் நுரை தெரிந்தாலோ, சோற்றை அள்ளும்போது நூல் மாதிரி பிசுபிசுத்தாலோ, பொரியலில் புளித்த வாடை வந்தாலோ ஒரு வாய்கூடச் சாப்பிடாதீர்கள். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்தச் சாப்பாடு கணக்கில் திரும்பிவிடும், அதே பானையிலிருந்து போன மற்றவர்களுக்கும் உடனே சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் சாயங்காலம் வரை காத்திராமல் அப்போதே சொல்லச் சொல்கிறேன்.

ஆம்பளப் பசங்களுக்கு அந்தச் சோறு போதுமாங்க?

150 கிராம் அரிசி வெந்தால் 400 கிராமுக்குக் குறையாமல் சோறு வரும். பெரும்பாலோருக்குப் போதும். போதவில்லை என்றால் கூடுதல் சோறு 15 ரூபாய், கட்டு முழுவதுக்கும் ஒரே தடவை சொல்லிவிட வேண்டும். குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டிக் கேட்கலாம், அதற்கு விலை மாறாது.

முட்டை உண்டா? மாலை போட்டிருக்கேன், சாப்பிடலாமா?

புதன்கிழமை கேட்கிறவர்களுக்கு மட்டும் அவித்த முட்டை, தனிப் பாத்திரம், தனி அடுப்பு. மற்றபடி முழுக்க சைவம். ஆனால் வீடு ஒன்று, சமையற்கட்டு ஒன்று. மாலை போட்டவர்களில் சிலருக்கு அது சரி, சிலருக்கு ஆகாது, நீங்களே முடிவு செய்யுங்கள். கார்த்திகை முழுக்க நிறுத்திவைக்க விரும்பினால் நீண்ட நிறுத்தத்தின் விதி அப்படியே பொருந்தும். வெங்காயம், பூண்டு இல்லாமல் தனியாகச் சமைத்துத் தர என்னால் முடியாது.

வீட்டுச் சமையல்னா லைசென்ஸ் எல்லாம் இருக்குங்களா?

எங்களைப் போல வீட்டில் சமைத்து விற்கிற சிறிய இடங்களும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யில் பதிவு செய்ய வேண்டும், செய்திருக்கிறோம். 14 இலக்க எண் கேரியரில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. சிறிய இடங்களின் பதிவு எண் 2-இல் ஆரம்பிக்கும், பெரிய இடங்களின் உரிம எண் 1-இல் ஆரம்பிக்கும். யாரிடம் மாதச் சாப்பாடு வாங்கினாலும் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி foscos.fssai.gov.in தளத்தில் போட்டுப் பாருங்கள், பெயரும் முகவரியும் ஒத்துப்போக வேண்டும்.

கேரியர் யாரோடது? கழுவித் தரணுமா?

எங்களுடையது. ஒருவருக்கு இரண்டு எவர்சில்வர் செட், முன்பணம் 500 ரூபாய், விலகும்போது முழுசாகத் திரும்பும். இன்றைய கேரியர் வரும்போது நேற்றையதை எடுத்துக்கொள்வோம். தேய்த்துக் கழுவ வேண்டாம், மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீரில் அலசி மூடாமல் வைத்தால் போதும், இங்கே வெந்நீரில் போட்டுத்தான் திரும்பக் கட்டுகிறோம். நேற்றைய கேரியர் அறைக்குள் பூட்டிக் கிடந்தால் இன்றைக்கு வாழை இலையில் பொட்டலமாக வரும், ரசமும் மோரும் வராது. ஊருக்குப் போகும் நாளில் கேரியரை வாட்ச்மேனிடமோ பக்கத்து அறையிலோ கொடுத்துவிட்டுப் போங்கள். ரசம் மிச்சமிருக்கும் கிண்ணம் ஐந்து நாள் பூட்டிய அறையில் கிடந்தால் மூடியில் பூஞ்சை பிடித்து, ரப்பர் வளையத்தையே மாற்ற வேண்டிவரும்.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம், 95 ரூபாய். திங்களோ புதனோ கேளுங்கள், சாம்பாரும் கொள்ளும் பிடித்துவிட்டால் மற்ற நாட்களில் பிரச்சினை இருக்காது. மறுநாளே கட்டு வாங்கினால் அந்த 95-ஐக் கட்டு விலையில் கழித்து 1,985 வாங்கிக்கொள்வேன், அந்தச் சாப்பாடு 26-இல் முதலாவதாக எழுதப்படும். பெயர், அறை இருக்கும் தெரு, எந்த மாடி, மதியமா இரவா, எது உடம்புக்கு ஆகாது என்று ஐந்தையும் அனுப்புங்கள். வேர்க்கடலையோ வேறு எதுவுமோ ஒத்துக்கொள்ளாது என்றால் அதை முதல் வரியிலேயே போடுங்கள்.